மூன்றில் இரண்டு வாக்கெடுப்பும் ப்ரூஃப் டெஸ்ட் இடைவெளியும்: ஒரு பாய்லர் டிரம் ட்ரிப்பை வைத்து முழுக் கணக்கு

பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் எரிபொருளை உடனே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் குழாய்களில் தண்ணீர் ஓட்டம் குறைந்து, உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறி, குழாய் கிழியும். இந்த வேலையைச் செய்ய மூன்று லெவல் டிரான்ஸ்மிட்டர்கள், ஒரு லாஜிக் கண்ட்ரோலர், எரிவாயு லைனில் வரிசையாக இரண்டு ஷட்-ஆஃப் வால்வுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று டிரான்ஸ்மிட்டர்களில் இரண்டு "மட்டம் குறைவு" என்று சொன்னால்தான் ட்ரிப், அதாவது எரிபொருள் தானாக நிற்கும். மறைந்த பழுதுகள் உண்டா என்று சோதிக்கும் ப்ரூஃப் டெஸ்ட் வருடத்துக்கு ஒருமுறை. பல ஆலைகளில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். ஆனால் ஏன் மூன்று, ஏன் ஒரு வருடம், அதை மூன்று வருடம் ஆக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் "அப்படித்தான் டிசைனில் இருக்கிறது" என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்விகளுக்கு நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு, அதைத்தான் இங்கே படிப்படியாகப் போடப் போகிறோம்.

முதலில், பழுதுகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு டிரான்ஸ்மிட்டர் கெட்டால் என்ன ஆகும் என்பது அது எந்தப் பக்கம் கெடுகிறது என்பதைப் பொறுத்தது. டிரம் லெவலை பெரும்பாலும் அழுத்த வித்தியாசத்தை வைத்து அளக்கிறோம். ஒரு பக்கம் எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும் ரெஃபரன்ஸ் லெக், மறுபக்கம் டிரம்மில் உள்ள தண்ணீர். ரெஃபரன்ஸ் பக்கத்தின் அழுத்தம் மாறாது, ஆகவே டிரம்மில் தண்ணீர் குறையக் குறைய வித்தியாசம் கூடும். இங்கே ஒரு விஷயத்தை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள்: இந்த அமைப்பில் வித்தியாசம் பூஜ்யமானால் டிரான்ஸ்மிட்டர் "டிரம் நிரம்பியிருக்கிறது" என்று சொல்லும்.

ஆகவே டிரம்மின் தண்ணீர்ப் பக்க அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் லைன் கசிந்தால் வித்தியாசம் கூடி, மட்டம் குறைவு என்று பொய்யாகக் காட்டும். அது பொய் ட்ரிப் பக்கம் போகும் பழுது. இது எரிச்சல் தரும், பணம் போகும், ஆனால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாறாக ரெஃபரன்ஸ் லெக் கசிந்தாலோ, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வு சரியாக மூடாமல் இருந்தாலோ, மட்டம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். லைன் அடைத்துக்கொண்டால் பழைய மட்டத்திலேயே அசையாமல் நிற்கலாம். இவைதான் ஆபத்தான பழுதுகள். தண்ணீர் நிஜமாகவே குறையும் நாள் வரைக்கும் இவை சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒயர் அறுந்து சிக்னல் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போவது போன்றவற்றை லாஜிக் கண்ட்ரோலர் தானாகவே கண்டுபிடித்து அலாரம் கொடுத்துவிடும். அவற்றை இந்தக் கணக்கில் விட்டுவிடுகிறேன். நமக்கு முக்கியம் யாரும் போய்ச் சோதித்தால் ஒழிய வெளியே வராத ஆபத்தான பழுதுகள்.

இரண்டாவது, எண்களைக் கையில் எடுங்கள்

நம் உதாரணத்துக்கு, இம்பல்ஸ் லைனையும் சேர்த்து ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு மறைந்திருக்கும் ஆபத்தான பழுது வருடத்துக்கு 0.02 என்று வைக்கிறேன், அதாவது 50 வருடத்துக்கு ஒன்று. பொய் ட்ரிப் பக்கப் பழுது வருடத்துக்கு 0.05, அதாவது 20 வருடத்துக்கு ஒன்று. இவை நான் கணக்குக்காக எடுத்த எண்கள். உங்கள் ஆலைக்கு உங்கள் பராமரிப்புப் பதிவுகளிலிருந்து வரும் எண்களை இதே இடத்தில் போடுங்கள். தயாரிப்பாளர் சான்றிதழில் இதைவிட மிக நல்ல எண் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்கு மட்டும்தான். லைன் அடைப்பு, ரெஃபரன்ஸ் லெக் தண்ணீர் இழப்பு எல்லாம் அதில் சேராது. டிரம் லெவலில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

மூன்றாவது, வாக்கெடுப்புக் கணக்கு

கேட்கும்போது வேலை செய்யாமல் போகும் சராசரி வாய்ப்பை PFDavg என்று எழுதுவார்கள். `λ` என்பது மறைந்திருக்கும் ஆபத்தான பழுது வீதம், `T` இரண்டு ப்ரூஃப் டெஸ்ட்டுக்கு இடைப்பட்ட காலம். எளிமையான வடிவம் இது, இதில் 2oo3 என்றால் மூன்றில் இரண்டு சொன்னால் ட்ரிப்:

```
1oo1: λT/2
1oo2: (λT)²/3
2oo2: λT
2oo3: (λT)²
```

ஒற்றை டிரான்ஸ்மிட்டருக்கு ஏன் பாதி? டெஸ்ட் முடிந்த மறுநாளும் கெடலாம், அடுத்த டெஸ்ட்டுக்கு முந்தின நாளும் கெடலாம், சராசரியாக இடைவெளியின் பாதிக் காலம் கெட்டுப்போய்க் கிடக்கும். அவ்வளவுதான்.

`T` ஒரு வருடம் என்றால் ஒற்றை டிரான்ஸ்மிட்டர் 0.01. அதாவது நூறு முறை தண்ணீர் குறைந்தால் ஒருமுறை பார்க்காது. இரண்டில் ஒன்று சொன்னாலே ட்ரிப் என்று வைத்தால் 0.00013. இரண்டும் சொன்னால்தான் ட்ரிப் என்றால் 0.02, ஒற்றையைவிட இரண்டு மடங்கு மோசம். மூன்றில் இரண்டு என்றால் 0.0004.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். இரண்டில் ஒன்று என்பது மூன்றில் இரண்டைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது, ஒரு டிரான்ஸ்மிட்டர் செலவும் மிச்சம், அப்புறம் எதற்கு மூன்று? பதில் பொய் ட்ரிப் பக்கத்தில் இருக்கிறது. `λs` பொய் ட்ரிப் தரும் பழுது வீதம், `R` அதைப் பழுதுபார்க்க எடுக்கும் காலம்:

```
1oo1: λs
1oo2: 2λs
2oo3: 6λs²R
```

இரண்டில் ஒன்று என்றால் வருடத்துக்கு 0.1, பத்து வருடத்துக்கு ஒரு பொய் ட்ரிப். ஒரே ஒரு பாய்லரில் ஒரே ஒரு ட்ரிப் என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஆலையில் இப்படி 30 ட்ரிப்கள் இருந்தால் வருடத்துக்கு மூன்று முறை காரணமே இல்லாமல் ஆலை நிற்கும். ஒவ்வொரு முறையும் பாய்லரை மறுபடி பற்றவைக்க வேண்டும், தடித்த உலோகம் குளிர்ந்து சூடேற வேண்டும். பற்றவைக்கும் நேரம்தான் ஃபர்னஸ் வெடிப்பு அபாயம் கூடுதலான நேரம். அதைவிடப் பெரிய சேதம் மனிதர்கள் பக்கம் நடக்கிறது. அடிக்கடி பொய் சொல்லும் ட்ரிப்பை ஆபரேட்டர்கள் நம்ப மாட்டார்கள், முதலில் டைமர் கூட்டப்படும், பிறகு பைபாஸ் சாவி திருகியபடியே இருக்கும். பொய் ட்ரிப் கடைசியில் தவறவிட்ட ட்ரிப்பாக மாறுவது இந்த வழியில்தான்.

மூன்றில் இரண்டு என்றால், ஒன்று பொய்யாக விழுந்ததும் அலாரம் வந்து 24 மணி நேரத்தில் சரிசெய்கிறீர்கள் என்று வைத்தால், வருடத்துக்கு 0.00004 மட்டும்தான் வருகிறது. நம்ப முடியாத அளவுக்கு நல்ல எண். நம்பவும் கூடாது, ஏனென்றால் கணக்கில் இன்னும் ஒரு பகுதியைச் சேர்க்கவில்லை.

நான்காவது, மூன்றும் சேர்ந்து கெடும் வழிகள்

மேலே போட்ட கணக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர்களும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் கெடும் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் ஒரு பங்கு பழுதுகள் எல்லாவற்றையும் ஒரே காரணத்தால் அடிக்கும். அந்தப் பங்குதான் பீட்டா. 5 சதவீதம் என்று வைப்போம்:

```
1oo2: (1-β)²(λT)²/3 + βλT/2
2oo3: (1-β)²(λT)²   + βλT/2
```

பொதுக் காரணப் பகுதி 0.05 × 0.02 × 1 / 2 = 0.0005. இரண்டில் ஒன்றுக்கு மொத்தம் 0.00062, மூன்றில் இரண்டுக்கு 0.00086. மூன்று மடங்கு இருந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பீட்டா 10 சதவீதம் என்றால் 0.0011, 0.0013, கிட்டத்தட்ட ஒன்றுதான். பொய் ட்ரிப்பிலும் இதே பீட்டாவைச் சேர்த்தால் மூன்றில் இரண்டுக்கு வருடத்துக்கு 0.0025, அதாவது 400 வருடத்துக்கு ஒன்று. 30 ட்ரிப்களுக்கும் சேர்த்து சுமார் 13 வருடத்துக்கு ஒன்று. இரண்டில் ஒன்றில் வருடத்துக்கு மூன்று வந்ததோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து பொய் ட்ரிப்பில் நாற்பது மடங்கு லாபம் வாங்குகிறோம். மூன்று போட்டதால் பாதுகாப்பு மூன்று மடங்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த வரிசையைத்தான் காட்ட வேண்டும்.

சரி, டிரம் லெவலில் அந்தப் பொதுக் காரணங்கள் எவை? மூன்று டிரான்ஸ்மிட்டரும் டிரம்மின் ஒரே துளையிலிருந்து பிரிந்து வருவது ஒன்று. அந்த ஒரு ரூட் வால்வு அடைத்தால் மூன்றும் குருடு. மூன்று சிக்னலும் ஒரே இன்புட் கார்டில் நுழைவது இன்னொன்று. இவற்றை டிராயிங்கிலேயே பிடித்துவிடலாம். பிடிக்கக் கடினமானது ரெஃபரன்ஸ் லெக் கொதிப்பு. டிரம் அழுத்தம் வேகமாக இறங்கும்போது ரெஃபரன்ஸ் லெக்கின் மேல் பகுதியில் உள்ள சூடான தண்ணீர் ஆவியாகிப் போகலாம். மூன்று லெக்கும் ஒரே வடிவமைப்பு என்பதால் மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், மட்டம் அதிகம் என்று பொய் சொல்லும். பெரிய குழாய்க் கிழிசலில் அழுத்தம் இறங்குவதும் தண்ணீர் போவதும் சேர்ந்தே நடக்கும், அதாவது ட்ரிப் தேவைப்படும் அதே நேரத்தில். இதற்கு நான்காவது டிரான்ஸ்மிட்டர் மருந்தில்லை. தனித்தனித் துளைகள், கண்டென்சேட் பாட்டின் சரியான அமைப்பு, முடிந்தால் வேறு தத்துவத்தில் அளக்கும் ஒரு கருவி ஆகியவைதான் மருந்து.

வாக்கெடுப்பு பெரும்பான்மையை நம்பும், உண்மையை அல்ல என்பதற்கு விமானத் துறையில் ஒரு துயரமான உதாரணம் உண்டு. 2008 நவம்பர் 27 அன்று பிரான்ஸின் பெர்பிஞான் அருகே ஒரு ஏர்பஸ் ஏ320 சோதனைப் பறப்பின்போது கடலில் விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். சில நாள் முன்பு விமானத்தைத் தண்ணீரால் கழுவியபோது காற்றுத் தாக்குகோணம் அளக்கும் சென்சார்களுக்கு மறைப்பு போடாததால் தண்ணீர் உள்ளே போயிருந்தது. மேலே போனதும் மூன்றில் இரண்டு சென்சார்கள் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் உறைந்து நின்றன. கம்ப்யூட்டர் ஒத்துப்போன இரண்டையும் நம்பி, சரியாக இருந்த மூன்றாவதை ஒதுக்கியது. கெடுத்தது பராமரிப்பு வேலை, கெட்டது இரண்டு சேனல் ஒன்றாக. உங்கள் ஆலையில் இதே வடிவம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

ஐந்தாவது, இடைவெளியை நீட்டினால் என்ன ஆகும்

ஷட்டவுனை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆக்கலாமா என்று உற்பத்திப் பிரிவு கேட்கும். மேலே உள்ள சூத்திரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று `T`-யின் வர்க்கமாக வளரும், மற்றது நேராக வளரும். நம் எண்களில் இரண்டும் சமமாகும் இடம் சுமார் 1.4 வருடம். அதற்குக் கீழே பொதுக் காரணம்தான் ஆட்சி செய்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும், அதைவிடப் பெரிய லாபம் இல்லை. அதற்கு மேலே போனால் வர்க்கப் பகுதி கையில் எடுத்துக்கொள்ளும்.

மூன்று வருடத்தில் மூன்றில் இரண்டுக்கு 0.0032-உம் 0.0015-உம் சேர்ந்து 0.0047 வருகிறது. இடைவெளி மூன்று மடங்கு, ஆபத்து ஐந்தரை மடங்கு. ஐந்து வருடம் என்றால் 0.0115. பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஐ.இ.சி 61511 தரநிலையில் எஸ்ஐஎல் 2 என்ற நம்பகத்தன்மைப் படிக்கு மேல் எல்லை 0.01, வால்வைச் சேர்க்கும் முன்பே டிரான்ஸ்மிட்டர்கள் மட்டும் அதைத் தாண்டிவிட்டன. அதே ஐந்து வருடத்தில் இரண்டில் ஒன்று 0.0055-இல்தான் நிற்கும். ஆகவே நீண்ட இடைவெளி மூன்றில் இரண்டைத்தான் அதிகம் தண்டிக்கும். ஒரு வருடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று பார்த்துவிட்டு ஐந்து வருடத்துக்கும் அதையே நினைக்கக் கூடாது.

ஆறாவது, உங்கள் டெஸ்ட் எதைப் பார்க்கிறது

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். இதுவரை போட்ட கணக்கெல்லாம் ப்ரூஃப் டெஸ்ட் எல்லாப் பழுதையும் கண்டுபிடித்துவிடும் என்று நம்புகிறது. வழக்கமான டெஸ்ட் என்ன செய்கிறது? டிரான்ஸ்மிட்டரைத் தனிமைப்படுத்தி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, மில்லி ஆம்பியரைப் பார்க்கிறது. இதில் டிரான்ஸ்மிட்டரும் ஒயரும் லாஜிக்கும் சோதிக்கப்படும். டிரம்மின் துளை, ரூட் வால்வு, இம்பல்ஸ் லைன், ரெஃபரன்ஸ் லெக் எதுவும் சோதிக்கப்படவில்லை.

இந்த டெஸ்ட் 80 சதவீதப் பழுதைக் கண்டுபிடிக்கிறது, மீதி 20 சதவீதம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய ஓவர்ஹாலில்தான் வெளியே வரும் என்று வையுங்கள். அதே மூன்று டிரான்ஸ்மிட்டர்கள், அதே வருடாந்திர டெஸ்ட், 0.00086 என்றிருந்தது சுமார் 0.0039 ஆகிறது. நாலரை மடங்கு. பார்க்காமல் விட்ட பங்கு வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம்.

இப்போது இரண்டு வழிகளை ஒப்பிடுங்கள். அதே 80 சதவீத டெஸ்ட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் 0.0031. வேலை இரட்டிப்பு, லாபம் ஐந்தில் ஒரு பங்கு. மாறாக வருடத்துக்கு ஒருமுறையே செய்து, கவரேஜை 95 சதவீதமாக உயர்த்தினால் 0.0014. டெஸ்ட்டை அடிக்கடி செய்வதைவிட டெஸ்ட்டை ஆழமாகச் செய்வது இங்கே பல மடங்கு பயன் தருகிறது. தணிக்கையில் எல்லோரும் "எத்தனை மாதத்துக்கு ஒருமுறை" என்று கேட்கிறார்கள், "டெஸ்ட்டில் எதைத் தொடவில்லை" என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு டெஸ்ட் தாளிலும் எழுதிவைக்க வேண்டும்.

95-க்குப் போவது எப்படி? ஷட்டவுனுக்குப் போகும்போது, நெருப்பு அணைந்தபின் டிரம்மில் தண்ணீரை மெதுவாக, நிஜமாகவே ட்ரிப் மட்டம் வரை இறக்குங்கள். மூன்று டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்து இறங்குகின்றனவா, தண்ணீரை நேராகக் கண்ணுக்குக் காட்டும் கேஜ் கிளாஸோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அடைத்த லைன், காலியான லெக், மூடிய ரூட் வால்வு எல்லாம் ஒரே ஓட்டத்தில் வெளிவரும். குளிர்ந்த டிரம்மில் தண்ணீரின் அடர்த்தி வேறு என்பதால் அளவீடு கொஞ்சம் தள்ளி நிற்கும், அந்தத் திருத்தத்தை முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது, டெஸ்ட்டைச் செய்யும் முறை

கைப்பம்பு டெஸ்ட்டும் தேவைதான், ஆனால் வரிசை முக்கியம்.

எதையும் தொடுவதற்கு முன் அப்போதைய அளவை எழுதுங்கள். மூன்று டிரான்ஸ்மிட்டரின் அளவையும் கேஜ் கிளாஸையும் ஒரே நேரத்தில். லைனை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு டெஸ்ட் ஆரம்பித்தால் இருந்த அடைப்பு போய்விடும், தாளில் "பாஸ்" என்று விழும், அந்தச் சேனல் எத்தனை மாதம் செத்துக்கிடந்தது என்று யாருக்கும் தெரியாமலே போகும். இந்த முதல் அளவு இல்லாத டெஸ்ட் பதிவிலிருந்து `λ` கணக்கிடவே முடியாது.

மற்ற இரண்டு சேனல்களும் ஒத்துப்போகின்றன என்று உறுதிசெய்த பிறகு ஒரே ஒரு சேனலை மட்டும் பைபாஸ் செய்யுங்கள். மேனிஃபோல்டில் இரண்டு ஐசொலேஷன் வால்வும் திறந்திருக்கும்போது ஈக்வலைசரை ஒருபோதும் திறக்காதீர்கள், ரெஃபரன்ஸ் லெக்கின் தண்ணீர் மறுபக்கம் ஓடிவிடும். ஒரு ஐசொலேஷனை மூடியபின் ஈக்வலைசர், அப்புறம் மற்றது. அழுத்தம் கொடுத்து ட்ரிப் புள்ளியைக் கடக்கும்போது கண்ட்ரோலரில் அந்தச் சேனலின் வாக்கு விழுகிறதா என்று பார்க்க வேண்டும், திரையில் எண் மாறினால் மட்டும் போதாது. ஷட்டவுனில் மூன்று ஜோடிகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் மூன்றும். ஒன்று மட்டும் விழுந்தால் ட்ரிப் ஆகக் கூடாது என்பதையும் சேர்த்து. லாஜிக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் இந்தச் சோதனை மறுபடி வேண்டும்.

திருப்பி வைப்பதுதான் மிக ஆபத்தான கட்டம். ஈக்வலைசரை மூடாமல் விட்டால் டிரான்ஸ்மிட்டர் டிரம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், ட்ரிப் பக்கம் ஒருநாளும் வராது. மற்ற இரண்டு சரியாக இருந்தால், மூன்று அளவுகளும் ஒத்துப்போகாதபோது வரும் வித்தியாச அலாரம் காட்டிக்கொடுக்கும். அதே ஆள், அதே ஷிஃப்ட், மூன்றையும் அதே தவறோடு விட்டால் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. ஆகவே மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒரு சேனல் இன்று, அடுத்தது நான்கு மாதம் கழித்து, மூன்றாவது இன்னும் நான்கு மாதம் கழித்து, முடிந்தால் வேறு ஆள். ஒவ்வொரு சேனலுக்கும் வருடத்துக்கு ஒரு டெஸ்ட்தான், வேலை கூடவில்லை. ஆனால் ஒன்றில் ஆபத்தான பழுது தெரிந்தால் அன்றே மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால், பொதுக் காரணப் பழுது ஒளிந்திருக்கும் காலம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

டெஸ்ட்டே பாதுகாப்பைச் சாகடித்த நிகழ்வு இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. 2005 டிசம்பர் 11 அன்று பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து, காலை 6 மணி வாக்கில் பெரும் வெடிப்பு. தொட்டியின் லெவல் கேஜ் அதிகாலை 3 மணி வாக்கிலேயே அசையாமல் நின்றுவிட்டது. கடைசிக் காவலாகத் தனியாக ஓர் உயர்மட்ட சுவிட்ச் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு லீவர் உண்டு, சோதித்தபின் லீவரை வேலை செய்யும் நிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு போட வேண்டும். அந்தப் பூட்டு இல்லாததால் சுவிட்ச் செயலிழந்து கிடந்தது. பூட்டு எதற்கு என்பது அங்கே இருந்தவர்களுக்குப் புரிய வைக்கப்படவில்லை. உங்கள் டெஸ்ட் தாளின் கடைசி வரிகள் வால்வு நிலை, பூட்டு நிலை, மூன்று அளவுகளின் ஒப்பீடு, பைபாஸ் நீக்கம் ஆகியவையாக இருக்க வேண்டும், வேலை செய்தவர் அல்லாத ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும்.

எட்டாவது, பைபாஸில் கிடக்கும் சேனல்

ஒரு சேனலைப் பைபாஸ் செய்தால், அதன் வாக்கு "நலம்" என்று பதிவாகும் அமைப்பில், மீதி இரண்டும் சொன்னால்தான் ட்ரிப். அதாவது நீங்கள் இரண்டில் இரண்டுக்கு இறங்கிவிட்டீர்கள், தவறும் வாய்ப்பு 0.02. நான்கு மணி நேரம் வீதம் வருடத்துக்கு மூன்று டெஸ்ட் என்றால் இது சேர்ப்பது 0.00003 தான், கவலை வேண்டாம். ஆனால் உதிரிபாகம் வரவில்லை என்று ஒரு மாதம் பைபாஸிலேயே விட்டால் 0.0016 சேரும். வருடம் முழுக்க மூன்று டிரான்ஸ்மிட்டருக்கும் போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு, ஒரே மாதத்தில்.

மாற்று வழி, கெட்ட சேனலின் வாக்கை "ட்ரிப்" என்று வைப்பது. அப்போது மீதி இரண்டில் ஒன்று சொன்னாலே ட்ரிப். பாதுகாப்பு குறையாது, பொய் ட்ரிப் அபாயம் மட்டும் கூடும். என் கருத்து: சில மணி நேர டெஸ்ட்டுக்குப் பைபாஸ் போதும், அந்த நேரம் கேஜ் கிளாஸைப் பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும். கெட்டுப்போன சேனல் என்றால், பழுதுபார்க்கும் கால எல்லை தாண்டியதும் தானாக ட்ரிப் வாக்குக்கு மாறும்படி லாஜிக்கை அமையுங்கள். எல்லை தாண்டினால் பொய் ட்ரிப் வரும் என்று தெரிந்தால் உதிரிபாகம் வேகமாக வந்து சேரும்.

வித்தியாச அலாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லைன் அடைத்த டிரான்ஸ்மிட்டர் வழக்கமான மட்டத்திலேயே நின்றுபோனால், கட்டுப்பாடு நன்றாக இருக்கும் ஆலையில் மற்ற இரண்டும் அதே மட்டத்தில்தான் இருக்கும், அலாரம் வராது. ட்ரெண்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். உயிருள்ள டிரம் லெவல் எப்போதும் கொஞ்சம் துடிக்கும். மூன்று கோடுகளில் ஒன்று மட்டும் வழுவழுவென்று போனால் அந்த லைனைச் சந்தேகியுங்கள்.

ஒன்பதாவது, வால்வையும் சேர்த்து மொத்தம்

எரிவாயு லைனில் ஒரே ஒரு ஷட்-ஆஃப் வால்வு இருந்து, அதன் மறைந்த பழுது வீதமும் 0.02 என்றால், வருட டெஸ்ட்டில் அது மட்டும் 0.01 தரும். டிரான்ஸ்மிட்டரின் 0.00086-ஐப்போல பதினோரு மடங்குக்கும் மேல். நான்காவது, ஐந்தாவது டிரான்ஸ்மிட்டர் போட்டாலும் மொத்தம் அசையாது. நம் அமைப்பில் இரண்டு வால்வு, ஒன்று மூடினாலே போதும். பீட்டா 10 சதவீதம் என்றால் 0.0011. லாஜிக் கண்ட்ரோலருக்கு 0.0001 வைத்தால் மொத்தம் சுமார் 0.0021. எஸ்ஐஎல் 2-க்குள் வசதியாக நிற்கிறது. ஃபீட் பம்ப் ட்ரிப் போன்ற காரணங்களால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது என்றால், அது தவறும் நிகழ்வு சுமார் ஆயிரம் வருடத்துக்கு ஒன்று. டிரான்ஸ்மிட்டரின் 80 சதவீத டெஸ்ட் கணக்கைப் போட்டால் மொத்தம் 0.0051, நானூறு வருடத்துக்கு ஒன்று. வால்வை மூடிப்பார்த்து, கசிவையும் சோதிக்காமல் விட்டால் இன்னும் மோசம்.

பத்தாவது, நிஜ ட்ரிப்பை வீணாக்காதீர்கள்

ஒவ்வொரு நிஜ ட்ரிப்பும் முழு அமைப்பையும் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட். நிகழ்வு வரிசைப் பதிவிலிருந்து மூன்று சேனலும் எந்த நொடியில் விழுந்தன, இரண்டு வால்வும் எத்தனை நொடியில் மூடின என்று அன்றே எடுத்துவையுங்கள். இரண்டு சேனல் விழுந்ததும் ஆலை நின்றுவிடும், மூன்றாவது விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மட்டம் நன்றாக இறங்கியும் அது விழாமல் நின்றிருந்தால் உங்களிடம் ஒரு செத்த சேனல் இருக்கிறது. பிறகு டெஸ்ட்டில் கிடைத்த ஆபத்தான பழுதுகளின் எண்ணிக்கையை, எல்லா டிரான்ஸ்மிட்டர்களும் ஓடிய மொத்த வருடங்களால் வகுங்கள். ஒரே மாதிரியான 60 டிரான்ஸ்மிட்டர்கள் ஐந்து வருடம் ஓடினால் 300 வருடம், 0.02-க்கு ஆறு பழுது எதிர்பார்க்கலாம். பதினைந்து வந்திருந்தால் வீதம் 0.05. அதே சூத்திரத்தில் 0.05-ஐப் போட்டால் வருட டெஸ்ட்டிலேயே மூன்றில் இரண்டுக்கு 0.0035 வரும். அப்போது இடைவெளியை நீட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, அந்தப் பதினைந்தில் எத்தனை இம்பல்ஸ் லைனில் வந்தவை என்று எண்ணுங்கள். முதல் வேலை அங்கேதான்.